ஏழு நாள் இணைப்பு இல்லாததற்கு நவம்பர் பில்லில் வரவு கோரும் கடிதம்

அனுப்புநர்:
செ. ஜெபமலர்,
கீழத்தெரு, குமாரகோவில் சாலை,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம் – 629175.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
வீட்டு பிராட்பேண்ட் பிரிவு,
நாகர்கோவில்.

நாள்: 03.12.2025

பொருள்: 12.11.2025 மாலை முதல் 19.11.2025 மாலை வரை இணைப்பு இல்லாமல் இருந்ததற்கான கட்டணத்தை நவம்பர் பில்லில் கழித்துத் தருவது தொடர்பாக.

பார்வை: இணைப்பு எண் TKY-40718. புகார் எண்கள் 1112-0837, 1115-0214, 1118-0462.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் மாதத்துக்கான பில் டிசம்பர் 1 அன்று வந்தது. மாத வாடகை ரூ.799, ஜிஎஸ்டி ரூ.143.82, மொத்தம் ரூ.942.82 என்று முழு மாதத்துக்கும் போட்டிருக்கிறீர்கள். அந்த மாதத்தில் ஏழு நாள் எங்கள் வீட்டில் இணையமும் இல்லை, அதோடு சேர்த்துத் தந்திருக்கும் லேண்ட்லைனும் இல்லை. அந்த ஏழு நாளுக்கான தொகையைப் பில்லில் கழித்துத் தரவேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

நடந்தது இது. நவம்பர் 12, புதன்கிழமை, எங்கள் சாலையோரம் வடிகாலுக்காக ஜேசிபி வைத்துத் தோண்டினார்கள். மாலை நாலரை மணிக்கு மோடத்தில் LOS என்ற விளக்கு சிவப்பாக எரிந்தது. ஃபைபரில் ஒளியே வரவில்லை என்பதற்கான அடையாளம் அது என்று உங்கள் ஆள்களே சொல்லித்தந்திருக்கிறார்கள். 4.50-க்குப் புகார் பதிவு செய்தேன். மெயின் ரோட்டில் அறுந்த கேபிளை மறுநாள் மதியத்துக்குள் ஒட்டவைத்துவிட்டீர்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். சாலையின் அந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இணைப்பு திரும்பிவிட்டது. எங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லை. தெரு முனையில் மின்கம்பத்தில் தொங்கும் ஸ்ப்ளிட்டர் பெட்டிக்கு வரும் ஒயரும் அன்றைக்கு இழுபட்டு அறுந்திருக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். நவம்பர் 15 மாலை 4.10-க்கு, 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. அந்த நேரத்தில் வீட்டுக்கு யாரும் வரவில்லை, கம்பத்திலும் யாரும் ஏறவில்லை, மோடத்தில் அதே சிவப்பு விளக்கு. புகார் கொடுத்து மூன்று நாள் முடிய இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி இருந்தது. உடனே வாடிக்கையாளர் சேவை எண்ணில் கூப்பிட்டேன். பழைய புகாரைத் திரும்பத் திறக்க முடியாது, புதிதாகத்தான் பதிய முடியும் என்றார்கள். புது எண் கொடுத்தார்கள். நவம்பர் 18 மாலை அதையும் இதே மாதிரி முடித்தார்கள். மூன்றாவது எண் வாங்கினேன். மறுநாள் மாலை ஆறு மணிக்கு உங்கள் லைன்மேன் வந்து அந்தப் பெட்டியைத் திறந்து ஒயரை மாற்றிய பிறகுதான் விளக்கு பச்சையானது.

ஆக, உங்கள் கணினியைத் திறந்தால் என் பெயரில் மூன்று புகார்கள் இருக்கும், மூன்றுமே மூன்று நாளுக்குள் தீர்ந்ததாக இருக்கும். தாளில் பார்த்தால் குறையே இல்லாத சேவை! கடந்த வாரம் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் இதைத்தான் சொன்னார்: 'எந்தப் புகாரும் மூணு நாளைத் தாண்டல மேடம், அதனால தள்ளுபடி வராது.' புகாருக்கு மூன்று எண் போட்டதால் அறுந்த ஒயர் மூன்றாகிவிடாது. ஒரே பெட்டி, ஒரே பழுது, நடுவில் ஒரு நிமிடம்கூட இணைப்பு வரவில்லை. வந்திருந்தால் என் மோடம் உங்கள் சர்வரில் லாகின் ஆகியிருக்கும். 12-ஆம் தேதி மாலைக்கும் 19-ஆம் தேதி மாலைக்கும் நடுவே என் இணைப்பு எண்ணில் ஒரு லாகினாவது பதிவாகியிருக்கிறதா என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் செயலியிலேயே டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தில் 13 முதல் 18 வரை ஒவ்வொரு நாளும் பூஜ்யம் என்றுதான் காட்டுகிறது. புகார் தீர்ந்தது என்று சொன்ன 15-ஆம் தேதி மாலையும் 18-ஆம் தேதி மாலையும் மோடத்தின் சிவப்பு விளக்கைத் தேதி, நேரத்தோடு படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

வந்த லைன்மேன் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. 'அக்கா, எம்மேல கோவப்படாதீங்க, இந்த ஏரியா முழுக்க நான் ஒருத்தன்தான், ஜாயிண்ட் போடுற மெஷினும் மார்த்தாண்டத்துல இருந்து வரணும்' என்றார். மழையில் நனைந்துகொண்டே வேலையை முடித்துக்கொடுத்தார். புகாரை முடித்ததாகக் குறித்தவர் அவர் இல்லை. இந்தக் கடிதத்தை வைத்து அவரிடம் விளக்கம் கேட்க வேண்டாம்.

ஜேசிபி அறுத்ததற்கு நாங்கள் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். அறுந்த நாளுக்கு அது பொருந்தும். மெயின் கேபிள் சரியான பிறகும் எங்கள் தெரு ஒயர் ஆறு நாள் அப்படியே கிடந்ததற்கு ஜேசிபி காரணம் இல்லை.

விதியைப் பொறுத்தவரை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் கொண்டுவந்து அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சேவைத்தர ஒழுங்குமுறையின்படி, கம்பிவழி இணைப்பில் ஏற்பட்ட பழுதை மூன்று நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் வாடிக்கையாளருக்கு வாடகைத் தள்ளுபடி தரவேண்டும். இது புதிதாக வந்த யோசனையும் இல்லை. பிராட்பேண்டுக்காக 2006-இல் டிராய் போட்ட விதியிலேயே, பழுது மூன்று வேலைநாளைத் தாண்டி ஏழு வேலைநாளுக்குள் சரியானால் ஏழு நாள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவேண்டும் என்று இருந்தது. அதனால் நான் ஏழு நாளைத்தான் கேட்கிறேன். இப்போதைய விதிப்படி அதைவிடக் கூடுதலாக வருமென்றால் அதையே வரவு வையுங்கள்.

கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் கணக்கையும் நானே போட்டுத் தருகிறேன். மாத வாடகை ரூ.799, நவம்பருக்கு 30 நாள். ஏழு நாளுக்கு ரூ.186.43. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.33.56. மொத்தம் ரூ.219.99. இதைக் கழித்தால் நான் கட்டவேண்டியது ரூ.722.83. துண்டித்திருந்தது ஏழு நாளும் ஒன்றரை மணி நேரமும். அந்த ஒன்றரை மணி நேரத்தை விட்டுவிட்டேன். வாடகையை மட்டும் குறைத்துவிட்டு வரியை அப்படியே வைக்க வேண்டாம். ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி கிரெடிட் நோட் போட்டால் வரியும் சேர்ந்தே குறையும். உங்கள் கணக்குப் பிரிவுக்கு இது தெரியாத விஷயமில்லை.

தள்ளுபடிக்குப் பதிலாக ஒரு மாதம் வேகத்தை இரட்டிப்பாக்கித் தருவதாக உங்கள் தரப்பில் சொன்னார்கள். நன்றி, வேண்டாம். இப்போதுள்ள வேகமே எங்களுக்குத் தாராளம். சினிமா பார்க்கும் சந்தாவும் வேண்டாம். பணமாகத் திருப்பித் தரச்சொல்லிக்கூடக் கேட்கவில்லை, பில்லில் கழித்தால் போதும்.

அந்த வாரத்தில் எனக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தக்கலையிலும் திங்கள்சந்தையிலும் குலசேகரத்திலும் இருக்கும் சிறு கடைகள், ரப்பர் ஷீட் வியாபாரிகள் சிலருக்கு நான் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கிறேன். மாதந்தோறும் 20-ஆம் தேதி 3பி படிவத்துக்குக் கடைசி நாள். அது தவறினால் அபராதம் கடைக்காரருக்கு, பேச்சு எனக்கு. எங்கள் வீட்டுக்குள் மொபைல் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. லேப்டாப்பையும் பில் கட்டுகளையும் தூக்கிக்கொண்டு தக்கலை பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்துதான் வேலையை முடித்தேன். என் மாமனாருக்கு லேண்ட்லைன்தான் பழக்கம். துபாயில் இருக்கும் மகன் கூப்பிடும் நேரம் பார்த்து ரிசீவரை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கெல்லாம் நஷ்டஈடு கேட்டு இப்போது எழுதவில்லை. பிரவுசிங் சென்டர் ரசீதுகளை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பில் கட்டக் கடைசி நாள் டிசம்பர் 15. அதற்குள் திருத்திய பில்லையோ கிரெடிட் நோட்டையோ அனுப்பினால் ரூ.722.83-ஐ அன்றே கட்டிவிடுகிறேன். வராவிட்டால், இணைப்பை நிறுத்திவிடுவீர்கள் என்பதற்காக முழுத்தொகையையும் கட்டிவிடுவேன். ஆனால் அதை நான் இந்தப் பில்லை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படியானால் ஜனவரியில் வரும் பில்லில் ரூ.219.99 வரவு இருக்கவேண்டும்.

முடியாது என்பது உங்கள் பதிலானால் அதை எழுத்தில் தாருங்கள், எந்த விதியின்படி முடியாது என்பதையும் சேர்த்து. பதிலே வராவிட்டாலும் 15-ஆம் தேதிக்குப் பிறகு உங்கள் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் விண்ணப்பம் போடுவேன். அதற்குக் கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் குறைதீர் ஒழுங்குமுறை சொல்கிறது. அதற்கும் மேலே போகவேண்டி வந்தால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே போகும்போது பிரவுசிங் சென்டர் ரசீதும் கூட வரும். 220 ரூபாய்க்கு இரண்டு தரப்பும் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்றுதான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

இன்னொரு வேண்டுகோள். வாடிக்கையாளரிடம் ஒரு ஓடிபி வாங்கிய பிறகே புகாரை முடிக்கும்படி உங்கள் கணினியில் மாற்றம் செய்ய முடிந்தால் செய்யுங்கள். எங்கள் தெருவில் இன்னும் நான்கைந்து வீட்டுக்கு இதே பெட்டியிலிருந்துதான் இணைப்பு. அவர்களுக்கும் அந்த வாரம் இணைப்பு இல்லை, அவர்களில் சிலர் புகாரே கொடுக்கவில்லை. அந்தப் பெட்டியில் உள்ள எல்லா இணைப்புகளுக்கும் நீங்களாகவே வரவு வைத்துவிட்டால் நல்லது.

இந்தக் கடிதத்தின் நகலை மின்னஞ்சலிலும் அனுப்பியிருக்கிறேன். கடிதம் கிடைத்ததற்கு ஒரு குறிப்பு எண் தாருங்கள். தயவுசெய்து அதை மூன்றாவது நாள் முடித்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
செ. ஜெபமலர்

இணைப்பு: நவம்பர் பில் நகல், புகார் முடிந்ததாக வந்த குறுஞ்செய்திகளின் படங்கள், மோடத்தின் படங்கள், செயலியின் டேட்டா பயன்பாட்டுப் பக்கம்.