ஃபியூச்சர்ஸ் விலையும் இறக்குமதியாளரின் ஃபார்வர்டு கவரும்: விடையுடன் பயிற்சிக் கணக்குகள்

வேலூர் மாலை வகுப்பு வணிகவியல் மாணவர்களுக்கு. வட்டி எல்லாம் தனிவட்டி; 3 மாதம் என்றால் 3/12 ஆண்டு.

கணக்கு 1. 10 கிராம் தங்கத்தின் இன்றைய விலை ₹90,000. வட்டி ஆண்டுக்கு 8%. 3 மாதப் பாதுகாப்பு, காப்பீட்டுச் செலவு ₹150. முடிவில் கட்டினால் போதும். 3 மாத ஃபியூச்சர்ஸ் விலை என்ன? சந்தையில் அது ₹92,600 என்றால் என்ன செய்யலாம்?

விடை. இன்று வாங்கி 3 மாதம் கையில் வைத்திருக்க ஆகும் செலவை இன்றைய விலையோடு கூட்டினால் வருவதுதான் ஃபியூச்சர்ஸ் விலை.

```
F = S × (1 + r × T) + U
F = 90,000 × 1.02 + 150 = 91,950
```

சந்தை விலை ₹650 அதிகம். ₹90,000 கடன் வாங்கித் தங்கத்தை வாங்குங்கள், ஃபியூச்சர்ஸை ₹92,600-க்கு விற்றுவிடுங்கள். 3 மாதம் கழித்துத் தங்கத்தைக் கொடுத்து, கடனும் செலவுமாக ₹91,950 கட்டினால் மீதி ₹650. தங்கம் ஏறினாலும் இறங்கினாலும் இந்த ₹650 மாறாது.

சந்தையில் ₹91,500 என்றால் இதையே தலைகீழாகச் செய்யவேண்டும். அதற்குக் கையில் விற்கத் தங்கம் வேண்டும். இருப்பு வைத்திருக்கும் நகைக்கடைக்காரரால் முடியும், எல்லோராலும் முடியாது. தேர்வில் இந்த வரியையும் எழுதுங்கள்.

கணக்கு 2. ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலை ஒன்று வெளிநாட்டிலிருந்து வெட் ப்ளூ தோல் வாங்கியிருக்கிறது. 3 மாதத்தில் 2,00,000 டாலர் கட்டவேண்டும். வங்கி இன்று சொல்லும் ஸ்பாட் 85.95 / 86.00. 3 மாத பிரீமியம் 52 / 56 பைசா. ரூபாய் வட்டி 7%, டாலர் வட்டி 4.5%. நிறுவனத்துக்குக் கடன் கிடைப்பது 9%-க்கு. ஃபார்வர்டு எடுப்பதா, இன்றே டாலர் வாங்கி வைப்பதா?

விடை. இறக்குமதியாளர் டாலரை வாங்குகிறார், வங்கி விற்கிறது. ஆகவே வலப்பக்க விலைதான்: 86.00 + 0.56 = 86.56. ஆண்டுதோறும் அதிகம் பேர் மதிப்பெண் இழக்கும் இடம் இதுதான். செலவு ₹1,73,12,000.

வட்டிக் கணக்குப்படி வரவேண்டிய விலை:

```
F = 86.00 × (1 + 0.07 × 3/12) / (1 + 0.045 × 3/12)
  = 86.00 × 1.0175 / 1.01125 = 86.53
```

தங்கத்துக்குப் போட்ட அதே கணக்குதான். பாதுகாப்புச் செலவுக்குப் பதில் இங்கே டாலர் தரும் வட்டி இருக்கிறது. அது செலவைக் குறைக்கிறது. அந்த 56 பைசாவைப் பார்த்து, 'டாலர் ஏறும் என்று வங்கிக்கே தெரிந்திருக்கிறது' என்று எழுதிவிடாதீர்கள். அது இரண்டு வட்டிகளின் வித்தியாசம். அதற்கு மேல் 3 பைசா வங்கியின் பங்கு.

இன்றே வாங்கினால்:

```
2,00,000 / 1.01125 = 1,97,775 டாலர்
1,97,775 × 86.00 = ₹1,70,08,650
1,70,08,650 × (1 + 0.09 × 3/12) = ₹1,73,91,345
```

ஃபார்வர்டு சுமார் ₹79,000 மலிவு. 7%-க்கே கடன் கிடைத்திருந்தால் ₹1,73,06,000 ஆகி, இன்றே வாங்குவது கொஞ்சம் மலிவாகியிருக்கும். நிறுவனத்தின் கடன் வட்டிதான் இங்கே முடிவைத் தீர்மானிக்கிறது.

கவரே எடுக்காவிட்டால்? அன்று டாலர் 88.20 என்றால் ₹1,76,40,000. 85.40 என்றால் ₹1,70,80,000. அப்போது ஃபார்வர்டு எடுத்தவர் ₹2,32,000 அதிகம் கட்டியிருப்பார். அதை நஷ்டம் என்று எழுதக்கூடாது. தோலுக்கு விலை பேசியபோதே செலவு இவ்வளவுதான் என்று தெரிந்திருந்தது, அவர் கேட்டதும் அதைத்தான்.

கணக்கு 3. அதே நிறுவனம் என்எஸ்இ டாலர் ஃபியூச்சர்ஸில் 86.55-க்கு கவர் எடுக்கிறது. முடிவு நாளில் விலை 88.20. நிகரச் செலவு?

விடை. ஒரு லாட் 1,000 டாலர்; 200 லாட் வாங்கவேண்டும். லாபம் 1.65 × 2,00,000 = ₹3,30,000. டாலரை வங்கியில் 88.20-க்கு வாங்கினால் நிகரம் ₹1,73,10,000. ஃபார்வர்டுக்குச் சமம்தான். ஆனால் இங்கே மார்ஜின் கட்டவேண்டும், தினமும் லாப நஷ்டம் ரொக்கமாகத் தீரும். டாலர் இறங்கும் வாரத்தில் கையிருப்பு இல்லாத சிறு தொழிற்சாலை திணறிப்போகும்.

கணக்கு 4. கணக்கு 2-இன் ஃபார்வர்டு முடியும் நாளில் சரக்கே ரத்தாகிவிட்டது. அன்று ஸ்பாட் 85.80 / 85.85.

விடை. 86.56-க்கு வாங்கிய டாலரை வங்கிக்கே திருப்பி விற்கவேண்டும். இப்போது வங்கி வாங்குகிறது, அதனால் இடப்பக்க விலை 85.80. நிறுவனம் கட்டுவது 0.76 × 2,00,000 = ₹1,52,000, வங்கிக் கட்டணம் தனி.

நீங்களே செய்ய. இதே நிறுவனத்துக்கு ஷூ ஏற்றுமதியில் 1,20,000 டாலர் வரவேண்டியிருக்கிறது. (அ) அதே வாரம் வந்தால் எவ்வளவுக்கு கவர் வேண்டும்? (ஆ) ஒரு மாதம் தள்ளி வந்தால்?

விடை: (அ) 80,000 டாலர். (ஆ) நேராகக் கழிக்க முடியாது. 3 மாதத்துக்கு 2,00,000 வாங்கி, 4 மாதத்துக்கு 1,20,000 விற்கவேண்டும்.