கயல்விழியின் மதிய இன்சுலின் பற்றி வகுப்பு டீச்சருக்கு

தஞ்சாவூர்
ஜூன் 9, 2025

வணக்கம் டீச்சர்,

நான் 4ஆம் வகுப்பு ஆ பிரிவில் இருக்கும் கயல்விழியின் அம்மா. பள்ளி திறந்த அன்று வாசலில் நின்றபடியே உங்களிடம் ஐந்து நிமிடம் பேசினேன், அன்றைக்கு இருந்த கூட்டத்தில் நான் சொன்னதில் பாதியாவது உங்கள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை, அதனால் எல்லாவற்றையும் எழுதியே கொடுக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். ஒரு தடவை முழுதாகப் படித்துவிட்டு மேஜை டிராயரில் வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் லீவு போடும் நாளில் வகுப்புக்கு வருகிறவர் கையில் இதைக் கொடுத்துவிடுங்கள். பி.டி. சாருக்கும் வேன் அண்ணனுக்கும் தனித்தனிப் பிரதி கொடுத்திருக்கிறேன்.

கயலுக்கு டைப் 1 சர்க்கரை நோய். 6 வயதில் வந்தது, இப்போது 9 ஆகிறது. தாத்தா பாட்டிக்கு வரும் சுகர் வேறு, இது வேறு. இனிப்பு அதிகம் தின்றதால் வந்ததில்லை, ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது. வெளியிலிருந்து இன்சுலின் போட்டால்தான் அவள் உயிரோடு இருக்க முடியும். வேப்பிலைச் சாறு, பாகற்காய் என்று பாசத்தோடு சொல்கிறவர்கள் உண்டு, அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அதையெல்லாம் நம்பி ஊசியை ஒரு நாள் நிறுத்தினாலும் குழந்தை ஆஸ்பத்திரியில்தான் இருப்பாள்.

ஒரு நாளைக்கு நான்கு ஊசி. காலையில் ஒன்று, இரவில் இரண்டு, இந்த மூன்றும் எங்கள் பொறுப்பு. பள்ளியில் போடவேண்டியது ஒன்றுதான், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். ஊசியை நீங்கள் போடவேண்டாம் டீச்சர், அந்தப் பயம் வேண்டாம். கயலே போட்டுக்கொள்வாள், ஒரு வருடமாகப் போட்டுக்கொள்கிறாள். ஆனால் ஒன்பது வயதுக் குழந்தைக்கு எண்ணில் தவறு வரலாம், அவசரத்தில் 4க்கு 14 என்று திருப்பிவிடலாம். பக்கத்தில் பெரியவர் ஒருவர் நின்று மூன்று விஷயத்தைப் பார்த்தால் போதும்: சர்க்கரை பார்க்கும் மீட்டரில் வந்த எண், இன்சுலின் பேனாவில் திருப்பிய எண், அப்புறம் டிபன் பாக்ஸ் காலியானது.

12.40க்கு மணி அடித்ததும் அவளை ஆசிரியர் அறைக்கு அனுப்புங்கள், கூட ஒரு பிள்ளையோ ஆயாம்மாவோ வரட்டும். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைக்க வேண்டும். விரலில் கொஞ்சம் பழச்சாறு ஒட்டியிருந்தாலே மீட்டர் இல்லாத சர்க்கரையைக் காட்டும், அதை நம்பி இன்சுலின் கூடுதலாகப் போட்டால் ஆபத்து. பிறகு விரல் நுனியின் ஓரத்தில் குத்தி, ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு ரத்தம் வைப்பாள். எண் 70லிருந்து 250க்குள் இருந்தால் 4 யூனிட். 250க்கு மேல் இருந்தால் 5 யூனிட். இதை டாக்டரே எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு, இந்தச் சாமான்கள் இருக்கும் நீலப் பையின் உள்மூடியில் ஒட்டியிருக்கிறது, நான் இங்கே எழுதியதற்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தால் அந்தச் சீட்டுதான் சரி, ஏனென்றால் அளவு மாறும்போதெல்லாம் சீட்டை மாற்றிவிடுவேன்.

எண் 70க்குக் கீழே என்றால் ஊசியே கிடையாது. முதலில் சர்க்கரை கொடுக்க வேண்டும், அதைக் கீழே எழுதியிருக்கிறேன். 70க்கு மேல் ஏறியதும் அவள் சாப்பிடட்டும், எனக்குப் போன் செய்யுங்கள், அன்றைக்கு எத்தனை யூனிட், எப்போது என்று நான் சொல்கிறேன்.

பேனாவில் புது ஊசி மாட்டியதும் முதலில் 2 யூனிட் திருப்பி வெளியே விடுவாள், காற்று போவதற்காக. வீணடிக்கிறாள் என்று நினைக்காதீர்கள், நுனியில் சொட்டு வரவேண்டும். அப்புறம் அன்றைய அளவுக்குத் திருப்பி உங்களிடம் காட்டுவாள், நீங்கள் வாய்விட்டு "நாலு" அல்லது "அஞ்சு" என்று அந்த எண்ணைச் சொன்ன பிறகுதான் போடவேண்டும் என்று வீட்டில் பழக்கியிருக்கிறேன். வயிற்றில் போட்டு, பொத்தானை அழுத்தியபடியே பத்து எண்ணிவிட்டு எடுப்பாள். பழைய ஊசிக்குப் பையிலேயே மூடி போட்ட தகர டப்பா இருக்கிறது, குப்பைக்கூடையில் போடவேண்டாம், பெருக்குகிற அம்மா கையில் குத்திவிடும். டப்பா வீட்டுக்கு வந்துவிடட்டும்.

ஊசி போட்டாகிவிட்டால் உடனே சாப்பிடவேண்டும். டீச்சர், இந்தக் கடிதத்தில் நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒன்றைத்தான். இது வேகமாக வேலை செய்யும் இன்சுலின், பதினைந்து நிமிடத்தில் சர்க்கரையை இறக்கத் தொடங்கிவிடும், வயிற்றில் சாதம் இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. எனவே அன்றைக்கு ஏதாவது கூட்டம், ஒத்திகை என்று சாப்பாடு தள்ளிப்போனால் ஊசியையும் தள்ளிப்போடுங்கள். தாமதமாகப் போட்டால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், அதைச் சமாளிக்கலாம். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால்தான் விபரீதம். டிபனில் பாதிக்கு மேல் மிச்சம் வைத்தாலோ வாந்தி எடுத்தாலோ எனக்குப் போன் செய்யுங்கள்.

அந்த இன்சுலின் சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள்தான் உச்சத்தில் இருக்கும், அதாவது சரியாக உங்கள் மதிய வகுப்புகளில். இரண்டு மணிக்கு அவள் மேஜையில் தலை கவிழ்த்துப் படுத்தால் உண்ட மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை இறங்கி லோ ஆகும்போது கயலுக்கு முதலில் நெற்றியும் மேலுதடும் வியர்க்கும், கை நடுங்கும், கையெழுத்து கோடு தாண்டிப் போகும். சில சமயம் காரணமே இல்லாமல் கோபப்படுவாள், கேட்ட கேள்விக்குச் சம்பந்தம் இல்லாமல் பதில் சொல்வாள். அது திமிர் இல்லை, மூளைக்குச் சர்க்கரை போதவில்லை. அந்த நேரத்தில் "உனக்கு என்ன செய்கிறது" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வாள், அவள் சொல்வதை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள். மீட்டர் கையில் இல்லை என்றால் தேடிக்கொண்டிருக்காமல் லோ என்றே வைத்துக்கொண்டு சர்க்கரை கொடுத்துவிடுங்கள். தேவையில்லாமல் ஒரு தடவை கொடுத்ததால் கெடுதல் வராது.

கொடுக்கவேண்டியது குளுகோஸ் பவுடர், மட்டமாக மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில். பையில் இருக்கிறது. அது இல்லை என்றால் சாதாரணச் சர்க்கரை அதே அளவு. சாக்லேட் வேண்டாம், அதில் இருக்கும் கொழுப்பு சர்க்கரை சீக்கிரம் ஏறவிடாது. அவள் இருக்கிற இடத்திலேயே உட்காரவைத்துக் கொடுங்கள், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். இன்னும் 70க்குக் கீழே என்றால் இன்னொரு முறை அதே அளவு, எனக்கும் போன். ஏறிவிட்டால் இரண்டு பிஸ்கட் கொடுத்து வகுப்பிலேயே உட்காரவைக்கலாம், வீட்டுக்கு அனுப்ப அவசியமில்லை.

லோவில் இருக்கும்போது அவளைத் தனியாக எங்கேயும் அனுப்பவேண்டாம். முன்பு படித்த பள்ளியில் மயக்கமாக இருக்கிறது என்று சொன்னவளை, முகம் கழுவிக்கொண்டு வா என்று தனியாகக் குழாயடிக்கு அனுப்பிவிட்டார்கள். படியில் விழுந்து தாடை கிழிந்தது, நான்கு தையல். அந்த டீச்சர் கெட்டவர் இல்லை, அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் "சுகர் இருக்கு, பார்த்துக்கோங்க" என்று ஒற்றை வரியில் விட்டுவிட்டேன். அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் அன்றைக்கே இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

நினைவு தப்பினாலோ, கை கால் வெட்டி இழுத்தாலோ, விழுங்க முடியாத நிலை என்றாலோ வாயில் எதையும் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108. டைப் 1 குழந்தை, இன்சுலின் போடுகிறவள், சர்க்கரை இறங்கிவிட்டது என்று மூன்றையும் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் எனக்குப் போன். அந்த நேரத்தில் யாரும் அவளுக்கு இன்சுலின் போட்டுவிடக் கூடாது, "சுகர்காரப் பிள்ளை மயங்கிவிட்டாள், ஊசியைப் போடு" என்று பதற்றத்தில் யாராவது சொல்லலாம்.

சர்க்கரை ஏறினால் அவ்வளவு அவசரம் இல்லை. அடிக்கடி தண்ணீர் குடிப்பாள், அடிக்கடி ஒன்றுக்குப் போகக் கேட்பாள், இரண்டுக்கும் எப்போது கேட்டாலும் அனுமதி கொடுங்கள். மீட்டரில் HI என்று வந்தாலோ, 250க்கு மேல் இருந்து வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்குவது என்று ஏதாவது இருந்தாலோ மட்டும் உடனே கூப்பிடுங்கள், நானோ அவள் அப்பாவோ இருபது நிமிடத்தில் வந்துவிடுவோம். இரண்டு பேர் எண்ணும் பையின் மேலேயே எழுதியிருக்கிறது.

செவ்வாயும் வெள்ளியும் கடைசிப் பீரியட் பி.டி. என்று சொன்னாள். ஓடவிடுங்கள், கோகோவில் நன்றாக ஆடுவாள், ஓரமாக உட்காரவைத்தால் வாடிப்போவாள். ஆட்டத்துக்கு முன் ஒரு தடவை பார்த்து 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம், வேனில் ஏறும் முன் இன்னொரு தடவை பார்த்தால் போதும். விளையாட்டு விழாப் பயிற்சி என்று கூடுதலாக ஓடிய நாளில் டைரியில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அப்படிப்பட்ட நாளில் இரவு தூக்கத்திலும் இறங்கும், நான் இரண்டு மணிக்கு எழுந்து பார்க்கவேண்டும்.

பரீட்சையின்போது மீட்டரும் குளுகோஸும் மேஜை மேலேயே இருக்கட்டும். லோ வந்தால் அந்தப் பதினைந்து இருபது நிமிடத்தைக் கடைசியில் சேர்த்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும். சி.பி.எஸ்.இ. 2017லேயே பொதுத்தேர்வு எழுதும் டைப் 1 பிள்ளைகள் தின்பண்டம் கொண்டுவரலாம் என்று அனுமதித்திருக்கிறது, தலைமை ஆசிரியர் கேட்டால் அதைச் சொல்லலாம்.

பையை ஜன்னல் ஓரத்தில் வைக்கவேண்டாம், நம்மூர் வெயிலில் இன்சுலின் கெட்டுவிடும், 30 டிகிரிக்குள் இருக்கவேண்டும். மின்விசிறிக்குக் கீழே இருக்கும் அலமாரி சரியாக இருக்கும். உபரிப் பேனா ஒன்று அலுவலக பிரிட்ஜில் கதவுத் தட்டில் இருக்கிறது. ஐஸ் பெட்டிப் பக்கம் போனால் உறைந்துவிடும், உறைந்ததைப் பயன்படுத்தக் கூடாது.

பிறந்தநாள் மிட்டாய் வந்தால் அவளுக்கும் கொடுங்கள். அவள் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் இரவு ஊசியோடு சாப்பிடுவாள், "உனக்குக் கிடையாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னால்தான் அழுவாள். நவம்பர் 14, குழந்தைகள் தினம், உலக நீரிழிவு தினமும் அன்றைக்குத்தான், இன்சுலின் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பான்டிங் பிறந்த நாள். அன்று வகுப்பில் இதைப் பற்றிப் பிள்ளைகளிடம் தானே பேசுகிறேன் என்கிறாள் கயல். உங்களுக்குச் சரி என்றால் பத்து நிமிடம் கொடுங்கள்.

இந்த வாரம் வியாழக்கிழமை 12.30க்கு நான் பள்ளிக்கு வருகிறேன். அன்றைக்கு மீட்டர் பார்ப்பது, பேனா திருப்புவது எல்லாவற்றையும் உங்கள் முன்னால் அவளையே செய்துகாட்டச் சொல்கிறேன், சந்தேகம் எதுவானாலும் அப்போது கேளுங்கள். அதுவரை மூன்று நாளும் மதியம் நானே வந்து போட்டுவிட்டுப் போகிறேன்.

நன்றி டீச்சர்.

இப்படிக்கு,
கயல்விழியின் அம்மா