மேலத்தெரு இரவு ரோந்து: கார்த்திகை மாத முறைப் பட்டியல்

தெருவில் எல்லாருக்கும் வணக்கம். இதைக் கடைசி வரை படித்துவிட்டு, உங்கள் பெயர் இருக்கும் இடத்தில் ஆட்சேபம் ஏதும் இருந்தால் இன்று இரவு எட்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள்.

ஏன் இந்த ரோந்து என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போன மாதம் புனலூர் கல்யாணத்துக்குப் போயிருந்தவர்களின் வீட்டுப் பூட்டை உடைத்து, இரண்டு பித்தளை அண்டாவும் கேஸ் சிலிண்டரும் போனது. அன்று ராத்திரி நாய் விடாமல் குரைத்ததை என் வீடு உட்பட நாலு வீட்டில் கேட்டிருக்கிறோம், ஒருவரும் எழுந்து வெளியே வரவில்லை. பூட்டுச் சத்தம் கேட்டதாக மறுநாள்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இந்த மாதம் பாதிப் பேர் சபரிமலைக்குப் போய்விடுவார்கள், தெருவில் பூட்டிய வீடு கூடும். புளியரை ரோட்டில் விடிய விடிய சாமிமார் வண்டிகள் போகும், எந்த வண்டி எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்த மாதத்திலேயே தொடங்குகிறோம்.

நேரம் இரவு 11 முதல் 4.30 வரை. முதல் முறை 11 முதல் 1.45, இரண்டாம் முறை 1.45 முதல் 4.30. நாலரைக்கு டீக்கடை திறந்து பால்வண்டியும் வந்துவிடும், அதற்கு மேல் தெரு தானாகவே விழித்திருக்கும்.

ஞாயிறு: முதல் முறை மாவுமில் முருகன், தையல்கடை இசக்கி. இரண்டாம் முறை கனகராஜ் அண்ணாச்சி, நான்.
திங்கள்: முதல் முறை டிரைவர் பீர்முகமது, செல்வம். இரண்டாம் முறை ஐயப்பன், சுடலை (மாலை போட்டிருக்கிறார்கள்).
செவ்வாய்: முதல் முறை மாடசாமி மாமா, அவர் மகன் கார்த்திக். இரண்டாம் முறை குமார், ஜோசப் சார்.
புதன்: முதல் முறை செல்வி அக்காவும் அத்தானும். இரண்டாம் முறை பரமசிவம், சங்கர் (மாலை).
வியாழன்: முதல் முறை கொத்தனார் வேலு, ராஜேஷ். இரண்டாம் முறை காசிம் பாய், தங்கராஜ்.
வெள்ளி: முதல் முறை ஆறுமுகம், பாலா. இரண்டாம் முறை முத்துக்குமார், கணேசன் (மாலை).
சனி: முதல் முறை ஜெயராஜ், அருள். இரண்டாம் முறை சேகர், மணி.
எந்த நாளுக்கும் கைவசம் நிற்பவர்கள்: லட்சுமணன், அந்தோணி.

மாலை போட்டவர்களுக்கு இரண்டாம் முறையைக் கொடுத்தது அவர்களே கேட்டதால்தான். முறை முடிந்ததும் நேராகக் குளிக்கப் போய்விடலாம், தூக்கம் இரண்டு துண்டாகக் கெடாது. அவர்கள் மலைக்குக் கிளம்பும் தேதியை நாலு நாள் முன்னால் சொல்லட்டும், அந்த வாரம் வேறு ஆள் போடுகிறேன். பார்வதி அத்தை நம் முறைக்கு வரவேண்டாம், ஆனால் பூட்டிய வீடுகளின் கணக்கை அவர்தான் வைத்திருப்பார். ஊருக்குப் போகிறவர்கள் அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், குழுவில் போடாதீர்கள். வீடு பூட்டியிருக்கிறது என்று எழுதுவது திருடனுக்கு நாமே சொல்வது போல.

முறை மாற்றிக்கொள்வது பற்றி. இதில்தான் போன வருடம் ஆரம்பித்த ரோந்து பத்தே நாளில் நின்றது, அதனால் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். உங்களால் வர முடியாவிட்டால் மாற்று ஆளை நீங்களே பிடிக்க வேண்டும், அன்று மாலை 6 மணிக்குள். பிடித்த பிறகு நீங்கள் “என் முறையை இவர் பார்க்கிறார்” என்று எழுத வேண்டும், அவர் “நான் பார்க்கிறேன்” என்று எழுத வேண்டும். கட்டைவிரல் காட்டினால் கணக்கில்லை. இரண்டு பேரும் எழுதாத வரை முறை பழைய ஆளுடையதுதான். ஒரே ராத்திரிக்குள் முதல் முறையையும் இரண்டாம் முறையையும் மாற்றிக்கொள்வது உங்கள் இஷ்டம், எனக்குத் தகவல் மட்டும் போதும். ஆறு மணிக்கு மேல் காய்ச்சல், வீட்டில் பிரசவம், செக்போஸ்ட்டில் லாரி மாட்டிக்கொண்டது என்று ஏதாவது வந்தால் எழுதிக்கொண்டிருக்காமல் லட்சுமணனுக்கு போன் போடுங்கள், அவர் எடுக்காவிட்டால் அந்தோணிக்கு. மாதத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் மாற்றக்கூடாது. காசு கொடுத்து ஆள் அனுப்புவது வேண்டவே வேண்டாம். அப்புறம், தொடர்ந்து இரண்டு ராத்திரி ஒருவரே வரக்கூடாது, முக்கியமாக வண்டி ஓட்டுகிறவர்கள். பீர்முகமது மறுநாள் கோட்டைவாசல் வளைவுகளில் இறங்க வேண்டியவர்.

மழைக்கு முறை நிற்காது. பெரிய மழையானால் சுப்புலட்சுமி ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம், அங்கிருந்து தெருவின் இரண்டு முனையும் தெரியும். இரண்டு டார்ச், இரண்டு விசில், கம்பு, நோட்டு எல்லாம் அந்தத் திண்ணைப் பெட்டியில்தான். டார்ச்சைச் சார்ஜில் போடுவது இரண்டாம் முறைக்காரர் பொறுப்பு. கம்பு பாம்புக்கும் நாய்க்கும். பன்றியோ யானையோ தோப்புப் பக்கம் தெரிந்தால் விரட்டப் போகாதீர்கள், திரும்பி வந்து விசில் கொடுங்கள், வனத்துறைக்குச் சொல்லிவிடலாம்.

தெரியாத ஆளைப் பார்த்தால் டார்ச்சை முகத்தில் அடிக்காமல் காலடியில் அடித்து, தள்ளி நின்று “யாருங்க, எங்கே போகணும்” என்று கேளுங்கள். பாலருவி எக்ஸ்பிரஸில் நடுராத்திரிக்கு மேல் செங்கோட்டையில் இறங்கி நடந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள், மலையாளம் மட்டும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், வடநாட்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். பாஷை புரியவில்லை என்பதற்காக ஒருவன் திருடன் ஆகிவிட மாட்டான். யார் மேலும் கை வைக்கக்கூடாது. 2018 மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிட வந்த ஒரு வயதான அம்மாவை, பிள்ளை பிடிக்கிறவர் என்று வாட்ஸ்அப் புரளியை நம்பி அடித்தே கொன்றார்கள். நம் தெருவில் அப்படி ஒன்று நடந்தால் அண்டா போனதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கண்ணெதிரே பூட்டை உடைக்கிறவனைப் பிடித்து நிறுத்த நேர்ந்தாலும் உடனே போலீசுக்குச் சொல்ல வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 40-ஆம் பிரிவுப்படி ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைத்தே ஆக வேண்டும். கட்டி வைப்பது, வீடியோ எடுத்துப் போடுவது இரண்டும் கிடையாது.

அவசரம் என்றால் விசில் மூன்று நீளமாக. ஒருவர் விசில் ஊத, மற்றவர் போன் போட வேண்டும். போலீஸ் 112, ஆம்புலன்ஸ் 108, தீயும் பாம்பும் 101. இங்கே போன் கேரள டவரைப் பிடித்துக்கொள்ளும், போன மழையில் நான் 108 போட்டபோது மலையாளத்தில்தான் எடுத்தார்கள். அதனால் எடுத்தவுடன் இப்படித் தொடங்குங்கள்:

“தமிழ்நாடு, தென்காசி மாவட்டம், செங்கோட்டை தாலுகா, புளியரை மேலத்தெருவிலிருந்து பேசுகிறேன். பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேர் வெளியே நிற்கிறோம். மாவுமில்லுக்கு எதிரே வண்டி வரலாம்.”

குழுவில் போட வேண்டிய செய்தி இந்த மாதிரி, ஒரே செய்தியாக, எழுத்தில்:

“அவசரம். மேலத்தெரு, மாவுமில்லுக்கு அடுத்த பூட்டிய வீடு. இரண்டு ஆள், பின்பக்கச் சுவர். 112 சொல்லியாச்சு. பக்கத்து வீட்டார் வெளி விளக்கு எல்லாவற்றையும் போடுங்கள். ஆண்கள் தெருமுனைக்கு வாருங்கள், தனியாக வர வேண்டாம். பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்.”

வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், பாதிப் பேர் அதைக் கேட்கவே மாட்டார்கள். அந்தச் செய்திக்குக் கீழே “என்ன ஆச்சு” என்று யாரும் கேட்காதீர்கள். விளக்கைப் போட்டவர்கள் “போட்டாச்சு” என்று மட்டும் எழுதுங்கள். பிரச்சினை முடிந்ததும் ரோந்தில் இருப்பவரே “முடிந்தது” என்று போடுவார்.

ஞாயிறு ராத்திரி 10.45க்கு முருகனும் இசக்கியும் ஆச்சி திண்ணைக்கு வந்துவிடுங்கள், பெட்டிச் சாவியோடு நான் அங்கே இருப்பேன். ஆச்சி பிளாஸ்கில் கட்டன் போட்டு வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.