கதிரேசனுக்கு, ஞாயிற்றுக்கிழமை பற்றி

கதிரேசன்,

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையார்பட்டி போய்விட்டு, அப்படியே குன்றக்குடி மலையும் ஏறிவிட்டு வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் வரவில்லை. ஆபீசில் வேலை, அம்மாவுக்குக் கால்வலி என்று எதையாவது சொல்லி அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடலாம். தள்ளினால் அடுத்த வாரமும் நீங்கள் கேட்பீர்கள், முகம் சுளிக்காமல், இதே பொறுமையோடு. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். இனி நாம் இப்படித் தனியாகச் சந்திக்க வேண்டாம். உங்கள் மேல் எனக்கு நிறைய மதிப்பு இருக்கிறது. பிரியமும் இருக்கிறது. ஆனால் கல்யாணம் வரைக்கும் போகிற பிரியம் அது இல்லை.

படித்ததும் உங்கள் மனசு முதலில் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நாம் என்ன தப்பு செய்தோம் என்று ஒவ்வொரு நாளாக எடுத்து யோசிப்பீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அங்கே ஒன்றும் கிடைக்காது.

ஆத்தங்குடிக்குப் போனோமே, அந்த நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து, அறை அறையாக வண்ணச் சாந்தை ஊற்றி, கை நடுங்காமல் அச்சைத் தூக்கிய அந்தப் பெரியவர் பக்கத்திலேயே நான் நின்றுவிட்டேன். சூளையே இல்லாமல் தண்ணீரில் ஊறி, வெயிலில் காய்ந்தே ஒரு கல் இப்படிப் பளபளப்பாகுமா என்று எனக்கு ஆச்சரியம். இன்னொருவராக இருந்தால் கிளம்பலாமா என்று கேட்டிருப்பார். நீங்கள் கேட்கவில்லை. அந்தப் பெரியவரிடம் ஒரு நாளைக்கு எத்தனை கல் ஊற்றுவீர்கள், மணிக்கட்டு வலிக்காதா என்று விசாரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ரொம்ப நல்ல மனுஷர் என்று அப்போதே தோன்றியது.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மூச்சுவிடாமல் அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னேன். யாரோடு போனாய் என்று அம்மா கேட்ட பிறகுதான் உங்கள் பெயர் என் வாயில் வந்தது. எனக்கே அது உறுத்தியது. அதற்கப்புறம் திருமயம் கோட்டைக்குப் போனபோதும், முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்றியபோதும் மனசு கொஞ்சம் மாறுகிறதா என்று கவனித்துப் பார்த்தேன். நல்லாப் பொழுது போனது, நிறையச் சிரித்தோம். நான் எதிர்பார்த்தது மட்டும் வரவில்லை. இதைப் படிக்கும்போது வலிக்கும். ஆனாலும் 'நீங்கள் ரொம்ப நல்லவர், நான்தான் உங்களுக்குத் தகுதியில்லை' என்று எழுதுவதைவிட நடந்ததைச் சொல்வது மேல் என்று பட்டது. அந்த வசனத்தை யார் சொன்னாலும் எனக்கு எரிச்சல்தான் வரும்.

எல்லாமே பொருந்தி வந்ததுதான் இதில் வேடிக்கை. உங்களுக்கு நேமம், எங்களுக்கு வைரவன்பட்டி, ஆகக் கோயில் வேறு. வயது சரி, இரண்டு வீட்டுக்கும் ஒருவரையொருவர் தெரியும். ஒரே கோயிலாக இருந்திருந்தால் சிகப்பி ஆச்சி நம்மை அறிமுகமே செய்திருக்க மாட்டார், அண்ணன் தங்கை ஆகியிருப்போம்! இவ்வளவு பொருத்தம் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்ல ஒரு பெரிய காரணம் வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. வேறு யாரும் என் மனசில் இல்லை. கோயம்புத்தூர் வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பதில் இதுதான். உங்கள் கடை, சம்பாத்தியம், நீங்கள் காரைக்குடியை விட்டு வர மாட்டேன் என்பது, எதுவும் காரணம் இல்லை. நான் பேச்சு கம்மி, போகப் போகப் பழகிக்கொள்கிறேன் என்று ஒருமுறை சொன்னீர்கள். எனக்காக அதை மாற்றிக்கொள்ள வேண்டாம். உங்களோடு பேசாமல் நடப்பது எனக்குச் சங்கடமாகவே இருந்ததில்லை.

இன்றைக்கே எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அடுத்த மாதம் உங்கள் அம்மா சென்னையிலிருந்து வந்ததும் எங்கள் வீட்டுக்கு ஒரு எட்டு வந்து போவார்கள் என்று ஆச்சி ஜாடையாகச் சொன்னார். நம் ஊரில் பேச்சு பெரியவர்கள் கைக்குப் போய்விட்டால் அப்புறம் அது நம் இரண்டு பேர் விஷயமாக இருக்காது, உங்களுக்கும் தெரியும். அதற்குப் பிறகு நான் மறுத்தால் உங்கள் அம்மாவுக்குத் தலைகுனிவு. அது நடக்கக் கூடாது.

ஆச்சியிடம் நானே பேசிவிடுகிறேன். உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வது என்று குழம்ப வேண்டாம், 'உமையாளுக்கு இஷ்டமில்லை' என்று சொல்லிவிடுங்கள். என் பெயர் கெட்டுவிடும் என்று பார்த்து, உங்கள் மேல் பழியைப் போட்டுக்கொண்டு வேறு கதை சொல்லாதீர்கள். நீங்கள் அப்படிச் செய்யக்கூடிய ஆள், அதனால்தான் சொல்கிறேன்.

கொஞ்ச நாள் கழித்து மனசு மாறுமோ என்று காத்திருக்கவும் வேண்டாம். நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். இடையில் வேறு வரன் வந்தால் எனக்காகத் தள்ளிப் போடாதீர்கள்.

அப்புறம், அந்தக் கண்டாங்கிச் சேலை. மாம்பழ மஞ்சளில் கறுப்புக் கட்டம், எனக்குப் பிடிக்கும் என்று ஞாபகம் வைத்து வாங்கியிருந்தீர்கள். அதை நான் உடுத்தவில்லை, மடிப்புக் கலையாமல் அப்படியே இருக்கிறது. இப்போது அதை வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை, திருப்பித் தருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய எனாமல் தூக்குச்சட்டியைத் தர மாட்டேன். பேரம் நீங்கள் பேசினாலும் காசு என்னுடையது, இப்போது தினமும் என் சாப்பாடு அதில்தான். உங்கள் அம்மா கொடுத்தனுப்பிய கவுனி அரிசி எப்போதோ காலி, அதைத் திருப்ப வழியே இல்லை. பொங்கினது ரொம்ப நன்றாக வந்தது என்று மட்டும் என் சார்பில் சொல்லிவிடுங்கள்.

இந்த ஊரில் பார்க்காமல் இருக்க முடியாது. கொப்புடையம்மன் கோயிலிலோ கம்பன் விழாவிலோ எதிரே வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன், நின்று நலம் விசாரிப்பேன். உங்களுக்கு அன்று பேசப் பிடிக்காவிட்டால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இப்போதைக்குப் போனிலும் வாட்ஸ்அப்பிலும் பேச வேண்டாம். தினமும் காலையில் உங்களிடமிருந்து வருகிற அந்த வணக்கத்துக்குப் பதில் போட்டுக்கொண்டே 'காத்திருக்காதீர்கள்' என்று சொல்வது நியாயமில்லை.

இதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும் என்று இல்லை. எழுதத் தோன்றினால், கோபமாக இருந்தாலும் எழுதுங்கள், படிப்பேன். என்னை வற்புறுத்தாமல், ஒரு தடவைகூட அவசரப்படுத்தாமல் இருந்ததற்கு நன்றி. அதனால்தான் உங்களிடம் இதை மறைக்காமல் சொல்ல முடிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிகப்பி ஆச்சி உங்கள் கடைப் பக்கம் வருவார், சேலையை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கடை ரசீது பைக்குள்ளேயே இருக்கிறது.

உமையாள்