தண்ணீர்ப் பந்தல் குழுக் கூட்டக் குறிப்பு: மூலப்படி

செயலாளர் குறிப்பு. இனி நம் குழுவின் எல்லாக் கூட்டத்துக்கும் இதுதான் மூலப்படி. 04.01.2026 கூட்டத்தின் குறிப்பையே நிரப்பிக் காட்டியிருக்கிறேன். வெறும் கோடு போட்ட தாளைக் கொடுத்தால் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம், அதனால்தான். அடுத்த முறை எழுதுகிறவர் கோப்பைப் பிரதி எடுத்து, "மாறாதது" என்று தொடங்கும் வரிகளை அப்படியே விட்டுவிட்டு, மற்றதை அழித்து எழுதினால் போதும். கோப்பின் பெயரில் தேதி முன்னால் வரட்டும், அப்போதுதான் வரிசையாக நிற்கும்: `2026-01-04-kuttam.docx`

---

## தலைப்பு

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் குழு, ஜெலுத்தோங், பினாங்கு

கூட்ட எண்: 1/2026
நாள், நேரம்: 04.01.2026, ஞாயிறு, இரவு 7.30 முதல் 9.20 வரை
இடம்: தலைவர் வீட்டு அஞ்சடி
தலைமை: குழுத் தலைவர்
குறிப்பெடுத்தவர்: செயலாளர்
இந்தப் படியின் நிலை: வரைவு, 06.01.2026 அன்று வாட்ஸ்அப் குழுவில் போடப்பட்டது

*மாறாதது: கூட்ட எண் ஆண்டுதோறும் 1 இல் தொடங்கும். தொடங்கிய நேரத்தோடு முடிந்த நேரத்தையும் எழுத வேண்டும். வரைவு மூன்று நாளுக்குள் வர வேண்டும். திருத்தம் சொல்ல அதிலிருந்து ஐந்து நாள்.*

## வந்தவர்கள்

தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், சமையல் பொறுப்பாளர், சமையல் உதவியாளர், வாகனப் பொறுப்பாளர், பந்தல் பொறுப்பாளர், இளைஞர் பிரதிநிதி. மொத்தம் 9 பேர்.

முன்பே சொல்லிவிட்டு வராதவர்கள்: துணைச் செயலாளர் (வேலை ஷிப்ட்), கணக்காய்வாளர் (ஊரில் இல்லை), மகளிர் பிரதிநிதி (பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல்).
சொல்லாமல் வராதவர்: துப்புரவுப் பொறுப்பாளர்.

உறுப்பினர் 13 பேர். தீர்மானம் எடுக்க 7 பேர் வேண்டும், அது இருந்தது. வாகனப் பொறுப்பாளர் 8.05க்கு வந்தார். அதனால் 1 முதல் 3 வரையுள்ள பொருள்களில் அவர் பங்கில்லை.

*மாறாதது: பெயர் வேண்டாம், பொறுப்பை எழுதவும். குழுவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். எந்த அண்ணன் என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. பெயரும் கையெழுத்தும் வருகைப் புத்தகத்தில் இருக்கிறது. தாமதமாக வந்தவர், பாதியில் கிளம்பியவர் இருந்தால் நேரத்தைக் குறிக்கவும்.*

## பேசிய பொருள்கள்

*மாறாதது: யார் என்ன வாதாடினார் என்பது வேண்டாம். தெரியவந்த விவரமும், எதனால் அந்த முடிவு என்பதும் போதும். முடியாத பொருள் அடுத்த கூட்டத்துக்குப் போனாலும் பழைய எண்ணோடுதான் போகும்.*

1/2026-1. போன கூட்டத்தின் குறிப்பு (07.12.2025)
ஒரு திருத்தம். ஐஸ் "40 மூட்டை" என்று இருந்தது, 14 மூட்டை என்பதே சரி. திருத்தத்தோடு ஏற்கப்பட்டது. முன்மொழிந்தவர் துணைத் தலைவர், வழிமொழிந்தவர் சமையல் பொறுப்பாளர்.

1/2026-2. போன முறை ஒப்படைத்த வேலைகள்
பந்தல் இடத்துக்கு மாநகர் மன்றத்தில் கொடுத்த விண்ணப்பம் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறது. கெனோப்பிக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. பேப்பர் கப் வந்து தலைவர் வீட்டு ஸ்டோரில் இருக்கிறது. பழைய பேனரைக் கரையான் அரித்துவிட்டது. புதிதாக அடிக்க வேண்டும்.

1/2026-3. கணக்கு
07.12.2025 அன்று கையிருப்பு 4,860 வெள்ளி. அதன் பிறகு வந்த நன்கொடை 2,150. செலவு: கெனோப்பி முன்பணம் 600, பேப்பர் கப் 340. இப்போது கையில் 6,070 வெள்ளி. இனிமேல் ஆக வேண்டிய செலவு 7,400 என்று பொருளாளர் கணிக்கிறார். குறைவது 1,330 வெள்ளி. நன்கொடைக்கு இனி ரசீது இல்லாமல் யாரும் கைநீட்டக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார், யாரும் மறுக்கவில்லை.

1/2026-4. பானமும் ஐஸும்
அதிக நேரம் எடுத்தது இதுதான். இரத ஊர்வல நாள் 31.01.2026, சனி. தைப்பூசம் மறுநாள் ஞாயிறு. இந்த ஆண்டு இரத நாளில் மட்டும் பந்தல் வைக்கிறோம்.

சமையல் பொறுப்பாளர் கணக்கு: மோர் 20 அண்டா, ரோஸ் சிராப் 15 அண்டா, அண்டாவுக்கு 20 லிட்டர். மொத்தம் 700 லிட்டர். 200 மில்லி கப்பில் ஊற்றினால் 3,500 கப். கையில் உள்ளது 4,000 கப், சிந்தியதும் நசுங்கியதும் போகச் சரியாக இருக்கும்.

அண்டா ஒன்றுக்கு 5 கிலோ ஐஸ் வேண்டும், ஆக 175 கிலோ. பெட்டியில் உருகிப் போவது அண்டாவுக்கு 3 கிலோ என்று வைத்து மொத்தம் 280 கிலோ, அதாவது 20 கிலோ மூட்டை 14.

போன ஆண்டு நடந்ததைத் தலைவர் பதியச் சொன்னார். அப்போதைய குறிப்பில் "இரண்டாம் தவணை ஐஸ் வாங்க வேண்டும்" என்று மட்டும் இருந்தது. சமையல் பக்கம் வண்டிக்காரர் எடுத்து வருவார் என்று இருந்தார்கள், வண்டிப் பக்கம் சமையலில் சொல்லியிருப்பார்கள் என்று இருந்தார்கள். மதியம் இறக்கிய 8 மூட்டை இரவு ஏழரைக்குள் தீர்ந்தது. இரதம் நம்மைத் தாண்டும்போது அண்டாவில் வெதுவெதுப்பான சிராப். ஒரு பாட்டி ஒரு வாய் குடித்துவிட்டுக் கப்பைத் திருப்பிக் கொடுத்து, "பரவாயில்லை கண்ணு, அடுத்த பந்தல்ல குடிச்சிக்கிறேன்" என்றார்.

சாலை மூடிய பிறகு லோரி உள்ளே வராது. அதனால் 14 மூட்டையையும் பகலிலேயே கொண்டுவந்து, 7 மூட்டையைப் பந்தலிலும், மீதி 7ஐப் பின் சந்தில் உள்ள உறுப்பினர் வீட்டு ஐஸ் பெட்டியிலும் வைப்பது. இரவு 7 மணிக்குத் தள்ளுவண்டியில் பந்தலுக்கு வர வேண்டும். மோரைப் பந்தலில்தான் கலக்க வேண்டும். வீட்டில் காலையிலேயே கலந்து வைத்தால் வெயிலில் புளித்துவிடும்.

1/2026-5. சமைப்பவர், பரிமாறுபவர்
மலேசியாவின் உணவுச் சுகாதார விதிமுறைகள் 2009 உணவு கையாளுவோருக்குப் பயிற்சியையும் டைபாய்டு ஊசியையும் கேட்கிறது. நாம் கடை நடத்தவில்லைதான், ஆனாலும் அண்டாவில் கைவைக்கும் ஆறு பேரும் இரண்டையும் முடித்தவர்களாக இருக்கட்டும் என்று பேசினோம். நான்கு பேரிடம் அட்டை இருக்கிறது.

1/2026-6. குப்பை
பினாங்கில் 2012 முதல் உணவுக்குப் பாலிஸ்டைரின் கிடையாது, எனவே பேப்பர் கப் மட்டுமே. பந்தலின் இரு பக்கமும் பெரிய பை, நடுவில் ஓர் ஆள். தேங்காய் உடைத்த சில்லு நம் வாசலில் கிடந்தால் உடனே கூட்டித் தள்ள வேண்டும், கூட்டத்தில் பலர் வெறுங்காலோடு வருவார்கள். துப்புரவுப் பொறுப்பாளர் வராததால் ஆள் பட்டியல் முடிவாகவில்லை. அடுத்த கூட்டத்துக்குப் போகிறது.

1/2026-7. இந்த மூலப்படி
செயலாளர் வைத்த மாதிரியைப் பார்த்தார்கள். பொருளாளர் "வேலைப் பட்டியலை முதல் பக்கத்தில் போடலாமே, அதைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள்" என்றார். நியாயமான பேச்சுதான், ஆனால் முடிவைப் படிக்காமல் வேலையை மட்டும் படித்தால் மறுபடியும் "யார் சொன்னது?" என்று சண்டை வரும். அதனால் வரிசை மாறவில்லை. வேலைப் பட்டியலைத் தனியாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது என்று சமாதானம்.

## தீர்மானங்கள்

*மாறாதது: ஒரு தீர்மானம் ஒரு வாக்கியம். "பார்க்கலாம்", "முயற்சி செய்யலாம்" என்று முடிந்தால் அது தீர்மானம் அல்ல, மேலே பொருளிலேயே இருக்கட்டும். எல்லாரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் எண்ணிக்கையையும் எழுதவும்.*

த1. ரசீது இல்லாமல் நன்கொடை வாங்குவதில்லை. ஒருமனதாக.
த2. மோர் 20 அண்டா, ரோஸ் சிராப் 15 அண்டா, ஐஸ் 14 மூட்டை. ஒருமனதாக.
த3. ஐஸைப் பகலிலேயே இரு இடத்தில் இறக்கி வைப்பது. ஆதரவு 8, எதிர்ப்பு 1. (எதிர்த்தவர், தள்ளுவண்டி கூட்டத்துக்குள் நுழையாது என்று நினைக்கிறார்.)
த4. டைபாய்டு ஊசியும் பயிற்சியும் முடிக்காதவர் அண்டா பக்கம் நிற்பதில்லை. ஒருமனதாக.
த5. இந்த மூலப்படியை 2026 முழுக்கப் பயன்படுத்துவது. ஒருமனதாக.

## வேலைப் பட்டியல்

*மாறாதது: ஒரு வரிக்கு ஒரே ஓர் ஆள். "குழுவினர்", "அனைவரும்" என்று எழுதக் கூடாது. உதவிக்கு யாரை வேண்டுமானாலும் அவர் சேர்த்துக்கொள்ளலாம், கேள்விக்குப் பதில் அவர்தான் சொல்ல வேண்டும். நிலை மூன்றில் ஒன்று: புதியது, நடக்கிறது, முடிந்தது. முடிந்த வரி அடுத்த கூட்டக் குறிப்பில் ஒரு முறை மட்டும் வரும், அப்புறம் நீக்கலாம்.*

| எண் | வேலை | யார் | எப்போதுக்குள் | நிலை |
|---|---|---|---|---|
| வே1 | மாநகர் மன்றத்தில் அனுமதி பற்றி நேரில் கேட்பது | பந்தல் பொறுப்பாளர் | 09.01.2026 | நடக்கிறது |
| வே2 | புதிய பேனர் அடிப்பது | இளைஞர் பிரதிநிதி | 17.01.2026 | புதியது |
| வே3 | குறையும் 1,330 வெள்ளிக்கு நன்கொடை திரட்டுவது | பொருளாளர் | 18.01.2026 | புதியது |
| வே4 | ஐஸ் 14 மூட்டைக்கு ஆர்டர், கடைக்காரரின் பதிலோடு | வாகனப் பொறுப்பாளர் | 16.01.2026 | புதியது |
| வே5 | 31ஆம் தேதி இரவு 7 மணிக்கு 7 மூட்டையைத் தள்ளுவண்டியில் கொண்டு வருவது | வாகனப் பொறுப்பாளர் | 31.01.2026 | புதியது |
| வே6 | மீதி இருவருக்கு ஊசியும் பயிற்சியும் | சமையல் உதவியாளர் | 24.01.2026 | புதியது |
| வே7 | துப்புரவுப் பொறுப்பாளரைப் பார்த்து ஆள் பட்டியல் வாங்குவது | துணைத் தலைவர் | 11.01.2026 | புதியது |

## அடுத்த கூட்டம்

எண்: 2/2026
நாள், நேரம்: 18.01.2026, ஞாயிறு, இரவு 7.30
இடம்: தலைவர் வீட்டு அஞ்சடி. மழை பெய்தால் அதே வீட்டு வரவேற்பறை.
ஏற்கெனவே தெரிந்த பொருள்கள்: வே1 முதல் வே4 வரை, வே7, பொருள் 1/2026-6 துப்புரவு, 31ஆம் தேதிக்கான நேர அட்டவணை.
புதிய பொருள் சேர்க்க: 15.01.2026க்குள் செயலாளரிடம். பொங்கல் வாரம், பலர் போனைப் பார்க்கமாட்டீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.
வரும்போது கொண்டுவர வேண்டியது: பொருளாளர், ரசீதுப் புத்தகம். வாகனப் பொறுப்பாளர், ஐஸ் கடைக்காரர் ஒப்புக்கொண்ட செய்தி, வாய்ப்பேச்சு போதாது.

*மாறாதது: அடுத்த கூட்டத்தின் நாளும் இடமும் கலைவதற்கு முன்பே முடிவாக வேண்டும். பிறகு வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொள்ளலாம் என்றால் நாள் கிடைக்காது.*

கையெழுத்து: கூட்டம் 2/2026இல் ஏற்கப்பட்டதும் தலைவரும் செயலாளரும் அச்செடுத்த படியில் இடுவார்கள். அந்தப் படி பச்சைக் கோப்பில் இருக்கும். பச்சைக் கோப்பு பொருளாளர் வீட்டு அலமாரியில்.