நிழல்கோல் ஒப்படைப்பு: மதிப்பெண் அளவுகோல் (ஒன்பதாம் வகுப்பு அறிவியல், 20 மதிப்பெண்)

செய்ய வேண்டியது: 50 செ.மீ. கோல் ஒன்றை வெயிலில் செங்குத்தாக நிறுத்தி, ஜனவரி 10 சனி அல்லது 11 ஞாயிறு, காலை 11:15 முதல் பிற்பகல் 1:30 வரை நிழலை அளந்து, மதுரையில் அன்று சூரியன் உச்சிக்கு வந்த நேரத்தையும் அதன் உயரக் கோணத்தையும் கண்டுபிடிப்பது. ஒப்படைக்கும் நாள் ஜனவரி 20. நிழலை மட்டும் பாருங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டும் கூடாது.

அ, ஆ இரு பிரிவுகளுக்கும் இதே அளவுகோல்தான். விடைத்தாளைத் திருத்தும்போது இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மதிப்பெண் போடுவோம். எந்த வரியில் எத்தனை குறைந்தது என்று உங்கள் தாளிலேயே எழுதித் தருவோம்.

1. அளவீடு – 8 மதிப்பெண்

அமைப்புக்கு 3. கோலின் உயரம் தரையிலிருந்து நுனிவரை மி.மீ. சுத்தமாக அளந்து எழுதப்பட்டிருக்க வேண்டும் (1). நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கோல் இரண்டு பக்கமும் சாயவில்லை என்று பார்த்ததைக் குறிப்பிட வேண்டும் (1). தரை மட்டம் பார்த்திருக்க வேண்டும் (1). இந்த மூன்றாவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மொட்டை மாடி பார்வைக்குச் சமமாகத் தெரியும்; ஆனால் மழைநீர் ஓட வாட்டம் விட்டுத்தான் கட்டியிருப்பார்கள். நிழல் விழும் பக்கம் 1 மீட்டருக்கு 1.5 செ.மீ. இறக்கம் இருந்தாலே 31 செ.மீ. நிழல் 3 மி.மீ. நீண்டுவிடும். ஒரு பலகையைப் போட்டு, அடியில் அட்டை சொருகி, மேலே வைத்த கோலிக்குண்டு எந்தப் பக்கமும் உருளாதபடி சரிசெய்தால் போதும். மணல் வாளியில் கோலை நட்டுவிட்டு வாளி விளிம்பிலிருந்து நிழலை அளந்தவர்களுக்கு அமைப்பில் 3-க்கு 0. நிழலின் தொடக்கம் கோலின் அடிதான்.

அளவுகளுக்கு 3. பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்து அளவுகள், எல்லாம் மி.மீ. வரை: 3. ஏழு முதல் ஒன்பது அளவுகள்: 2. அதற்கும் குறைவு, அல்லது முழு செ.மீ.யில் மட்டும்: 1. நிழலின் நுனி கூர்மையாக இராது. சூரியன் ஒரு புள்ளி அல்ல, வட்டு என்பதால் சுமார் அரை செ.மீ. மங்கலாகப் பரவும். மங்கலின் நடுவில் சாக்பீஸால் கோடு போடுங்கள். நடுவோ ஓரமோ, பத்துத் தடவையும் ஒரே இடமாக இருக்க வேண்டும்.

மூலத்தாளுக்கு 2. மாடியில் நின்று எழுதிய அந்தக் கசங்கிய தாளையே இணைக்க வேண்டும். தவறாக எழுதியதை ஒரே கோட்டால் அடியுங்கள். அடித்ததற்கு மதிப்பெண் குறையாது. ஒயிட்னர் பூசியிருந்தால் 1. நல்ல எழுத்தில் பார்த்து எழுதிய பிரதி மட்டும் இருந்தால் 0.

2. வரைபடமும் கணக்கும் – 6 மதிப்பெண்

வரைபடத்துக்கு 2: அச்சுகளில் பெயரும் அலகும் 1, பொருத்தமான அளவுத்திட்டமும் சீரான வளைகோடும் 1. செங்குத்து அச்சை 0-விலிருந்து தொடங்கினால் வளைவு தட்டையாகிவிடும், 30 செ.மீ.யிலிருந்து தொடங்குங்கள். புள்ளிகளை ஸ்கேல் வைத்து நேர்கோடுகளாக இணைத்தால் 1 குறையும்.

உச்சி நேரத்துக்கு 3. இந்த ஒப்படைப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். ஜனவரி 10-க்குக் கிடைக்க வேண்டிய அளவுகளில் சிலவற்றைப் பாருங்கள்:

| நேரம் | நிழல் (செ.மீ.) |
|---|---|
| 11:30 | 34.6 |
| 11:45 | 33.0 |
| 12:15 | 31.3 |
| 12:30 | 31.2 |
| 12:45 | 31.6 |
| 1:15 | 34.0 |

12:15-க்கும் 12:30-க்கும் வித்தியாசம் 1 மி.மீ.தான். நுனியின் மங்கலோ அதைவிடப் பெரிது. ஆகவே மிகக் குறுகிய நிழல் எது என்று அட்டவணையில் தேடினால் உச்சி நேரம் பத்து நிமிடம்வரை பிசகும். ஓரங்களில் நிழல் வேகமாக மாறுகிறது, அங்கே நம் அளவை நம்பலாம். 34.0 செ.மீ. நிழல் பிற்பகல் 1:15-க்கு இருக்கிறது. அதே நீளம் காலையில் எப்போது என்று வரைபடத்தில் பார்த்தால் ஏறக்குறைய 11:35. இரண்டுக்கும் நடு 12:25.

இப்படி இரண்டு சமநிழல் ஜோடிகளுக்காவது நடுநேரம் கண்டு சராசரி எடுத்தால் 3. ஒரே ஜோடி: 2. மிகக் குறுகிய அளவை அப்படியே எடுத்தால் 1. அளவுகள் என்ன சொன்னாலும் “உச்சி 12:00” என்று எழுதினால் 0.

கோணத்துக்கு 1. உயரத்தை மிகக் குறுகிய நிழலால் வகுத்து டேன் அட்டவணையில் பார்க்கலாம், அல்லது அளவுத்திட்டப்படி முக்கோணம் வரைந்து கோணமானியால் அளக்கலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண். விடை 58 டிகிரியை ஒட்டி வரும். வழி சரியாக இருந்து உங்கள் அளவால் 56 வந்தாலும் முழு மதிப்பெண்தான்.

3. விளக்கம் – 4 மதிப்பெண்

உச்சி ஏன் 12:00-க்கு இல்லை (2): இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டுக்கு உரியது, மதுரை 78.1-இல் இருக்கிறது, டிகிரிக்கு 4 நிமிடம், ஆக 17.6 நிமிடத் தாமதம். கணக்கோடு எழுதினால் 2, காரணம் மட்டும் சொன்னால் 1. மீதமுள்ள ஏழு நிமிடம் பூமியின் நீள்வட்டப் பாதையாலும் அச்சின் சாய்வாலும் வருவது. அதை எழுதாததற்குக் குறைக்க மாட்டோம்.

பிழை எங்கிருந்து வந்தது (2): “மனிதத் தவறு” என்று மட்டும் எழுதினால் 0. எந்தத் தவறு, எந்தப் பக்கம் இழுக்கும் என்றால் 1. எவ்வளவு என்று எண்ணும் தந்தால் 2. “கோல் வடக்கே 1 செ.மீ. சாய்ந்திருந்தது, அதனால் நிழல் ஏறக்குறைய 1 செ.மீ. நீண்டிருக்கும்” என்ற ஒரு வாக்கியம் போதும்.

4. நேரில் கேட்பது – 2 மதிப்பெண்

உங்கள் அட்டவணையிலிருந்தே இரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1. பதில் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். தயங்கி யோசித்துச் சொன்னாலும் குறையாது.

இரண்டு தாள்கள், திருத்திக் காட்டியபடி

முதல் தாள்: அமைப்பு 3, அளவுகள் 3, மூலத்தாள் இல்லை 0, வரைபடம் 2, உச்சி “12:30, ஏனெனில் 31.2 தான் குறைவு” 1, கோணம் 1, தீர்க்கக்கோட்டுக் கணக்கு 2, பிழை “மனிதத் தவறு” 0, நேரில் 2. மொத்தம் 14.

இரண்டாம் தாள்: ஆறே அளவுகள், அவையும் முழு செ.மீ.யில், அதனால் அளவுகளுக்கு 1. ஆனால் காலை 11:30-இல் 35, பிற்பகல் 1:20-இல் 35 என்று வரைபடத்தில் பிடித்து நடுவாக 12:25 எடுத்திருக்கிறார்: 2. அமைப்பு 3, மூலத்தாள் 2, வரைபடம் 2, கோணம் 1, விளக்கம் 4, நேரில் 2. மொத்தம் 17. முதல் தாளின் அட்டவணைதான் நேர்த்தியானது. அதிலிருந்து விடையை எடுக்கத் தெரிந்தவர் இரண்டாமவர்.

மற்றவை

தெர்மாகோல், கலர் அட்டை, ஜிகினாவுக்கு மதிப்பெண் இல்லை. அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். ஸ்கேல், நூல், குச்சி போதும். அதுவும் இல்லையென்றால் ஆய்வகத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

இருவர் சேர்ந்து அளக்கலாம். யாருடன் என்று முதல் பக்கத்தில் எழுத வேண்டும்; கணக்கும் விளக்கமும் தனித்தனி. சொல்லாமல் ஒரே அளவுகள் இரு தாளிலும் வந்தால் அளவீட்டில் இருவருக்கும் 0.

இரண்டு நாளும் மேகம் மூடினால் 12-ஆம் தேதி திங்கட்கிழமை வந்து சொல்லுங்கள், 17 அல்லது 18-இல் அளக்கலாம். 17-இல் உச்சி நிழல் ஒன்றரை செ.மீ. குறைந்திருக்கும், நேரமும் மூன்று நிமிடம்போலத் தள்ளும். ஆகவே நண்பரின் 10-ஆம் தேதி எண்களை அங்கே எழுதினால் தெரிந்துவிடும்.

தாமதத்துக்கு நாளொன்றுக்கு 1, அதிகபட்சம் 3 குறையும். உடல்நலக் குறைவுக்குப் பெற்றோர் கடிதம் போதும், எதுவும் குறையாது. திருத்திய தாள் கைக்கு வந்த ஒரு வாரத்துக்குள் 2-ஆம், 3-ஆம் பகுதிகளை மட்டும் திருத்தி எழுதித் தரலாம். இழந்த மதிப்பெண்ணில் பாதி திரும்பக் கிடைக்கும்.