ராமநாதபுரம் – ராமேசுவரம் மாலை ரயில்: 6 படங்களுக்கான பிராம்ப்ட்கள்

பயண இதழின் கடலோரச் சிறப்புப் பகுதிக்கு ஐந்து படங்கள் 3:2 அகலத்தில், அட்டைப் படம் மட்டும் 2:3 நெட்டில். பிப்ரவரி மாதத்து ஒரே மாலை, ஒரே பெட்டி, அதே ஆட்கள். பிராம்ப்ட்களை வரிசை மாற்றாமல் ஒட்டவும். மிட்ஜர்னியில் ஒவ்வொன்றின் கடைசியிலும் இது சேரும் (அட்டைக்கு 2:3):

```
--ar 3:2 --no text, letters, watermark --seed 4127
```

"எழுத்து வேண்டாம்", "கம்பி வேண்டாம்" என்று வாக்கியத்துக்குள் எழுதாதீர்கள். "வேண்டாம்" கருவியின் காதில் விழாது, "எழுத்து" விழும். வேண்டாதவை `--no` வரியில் மட்டும் இருக்கட்டும்.

ஆட்கள் (சொல் மாறாமல் ஒவ்வொரு படத்திலும் ஒட்டவும்)

> அறுபத்தைந்து வயது அப்பத்தா, கருத்த மேனி, பின்கொண்டை, சாயம் மங்கிய அரக்குநிறக் கண்டாங்கிச் சேலை, இடுப்பில் சுருக்குப்பை. பத்து வயதுப் பேத்தி, இரட்டைப் பின்னல், மஞ்சள் பாவாடை, பச்சைச் சட்டை.

இந்த இருவரும் எல்லாப் படத்திலும் வருவார்கள். அலுமினியக் கூடைக்காரப் பெண், பித்தளைச் செம்போடு வரும் வடநாட்டு யாத்திரைக் குடும்பம் என மற்றவர்கள் அந்தந்தப் படத்தோடு சரி. "அரக்கு" ஒரு படத்தில் "சிவப்பு" ஆகிவிட்டால் அப்பத்தா வேறு ஆளாகிவிடுவார். `--seed` ஒன்றாக இருப்பதாலேயே முகம் ஒன்றாக வந்துவிடாது.

பெட்டி (படம் 2 முதல் 5 வரை, இதுவும் அப்படியே)

> இந்திய ரயிலின் சாதாரணப் பெட்டி உட்புறம்: நீல ரெக்சின் இருக்கை, சங்கிலியில் தொங்கும் மேல் பெர்த், கூண்டு போட்ட வட்ட மின்விசிறி, கிடைக்கம்பி பொருத்திய திறந்த ஜன்னல், வெளிர்ப்பச்சைச் சுவர், தேய்ந்த விளிம்புகள்.

இந்தப் பத்தி இல்லாமல் "உள்ளே கதகதப்பான வெளிச்சம்" என்று மட்டும் எழுதினால் மரப்பலகைச் சுவர், திரைச்சீலை, மேசைவிளக்கு என்று ஐரோப்பியச் சொகுசு ரயில் வந்து நிற்கும். கம்பியைக் "கிடை" என்று சொல்லியே ஆகவேண்டும். இல்லையென்றால் நெட்டுக்கம்பி வந்து சிறைச்சாலை ஆகும்.

படம் 1: ராமநாதபுரம் நடைமேடை, ரயில் நுழைகிறது

> [ஆட்கள்] ராமநாதபுரம் கடலோரத் தட்டை நிலத்தில் ஒரு ரயில் நிலைய நடைமேடை, பிப்ரவரி மாலை, தாழ்ந்த பொன் வெயில். அப்பத்தாவும் பேத்தியும் அசையாமல் நிற்கிறார்கள், முகம் கூர்மை. அருகே குண்டு மிளகாய் மூட்டைகள், பனையோலைக் கொட்டான். பின்னால் நுழையும் ரயில் கிடைமட்டக் கோடுகளாக இழுபட்டிருக்கிறது, ஜன்னல்கள் மஞ்சள் வரியாக ஓடுகின்றன. நிலையான கேமரா, ஷட்டர் 1/8 நொடி, 35 மிமீ லென்ஸ், கண்மட்ட உயரம்.

யார் அசைகிறார், யார் நிற்கிறார் என்று பிராம்ப்ட்டே தீர்மானிக்க வேண்டும். "மோஷன் பிளர்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தினால் அப்பத்தாவின் மூக்கும் சேர்ந்து கரையும். 20 கிமீ வேகத்தில் நுழையும் வண்டி 1/8 நொடியில் 70 செ.மீ. நகர்கிறது. ஜன்னல் ஜன்னலாக இனம் தெரிந்தும் இழுபட்டும் இருக்க அந்த அளவு போதும்.

படம் 2: ஜன்னலோரம், பனங்காடு

> [பெட்டி, ஆட்கள் பத்திகள்] பேத்தி ஓடும் திசைக்கு முதுகு காட்டி ஜன்னலோரம் அமர்ந்து, கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்க்கிறாள். ரயிலின் பின்பக்கமிருந்து சாய்ந்து நுழையும் செம்பொன் வெயில் அவள் கன்னத்திலும் கம்பியிலும் ரெக்சினிலும் விழுகிறது. உள்ளே எல்லாம் கூர்மை. வெளியே மூன்று அடுக்கு: தண்டவாளத்தை ஒட்டிய சீமைக்கருவேலம் முழுக்க கிடைக்கோடுகளாக, நடுவில் விசிறி மட்டைப் பனைகள் பாதி மங்கலாக, உருவம் தெரிய, தொலைவில் கண்மாய்க்கரையும் வானமும் தெளிவாக. ரயில் வேகம் 60 கிமீ, ஷட்டர் 1/30 நொடி, 35 மிமீ.

தொகுப்பில் பெரும்பாலும் கெடுவது இந்தப் படம்தான், காரணம் மங்கல் எல்லாத் தூரத்துக்கும் ஒரே அளவில் வந்துவிடுவது. கணக்கு எளியது. 60 கிமீ என்றால் நொடிக்கு 16.7 மீட்டர், 1/30 நொடியில் 56 செ.மீ. 6000 பிக்சல் அகலப் படத்தில், 35 மிமீ லென்ஸுக்கு, 10 மீட்டர் தள்ளி நிற்கும் பனை சுமார் 330 பிக்சல் இழுபடும். 300 மீட்டர் தள்ளியுள்ள கண்மாய்க்கரை 11 பிக்சல்தான். கண் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ரயில் ஓடுகிறது என்று நம்புகிறது. வானமும் சேர்ந்து இழுபட்டால் கேமராவைத் தட்டிவிட்ட படம் மாதிரி இருக்கும். ஆகவே "மூன்று அடுக்கு" வாக்கியத்தைச் சுருக்காதீர்கள்.

வெயிலின் திசையும் அப்படியே. வண்டி கிழக்கே போகிறது, மாலைச் சூரியன் முதுகுப்பக்கம். ஓடும் திசையைப் பார்த்து உட்கார்ந்தவர் முகத்தில் அந்த வெயில் விழாது. பிப்ரவரியில் சூரியன் நேர்மேற்குக்குச் சற்றுத் தெற்கே இறங்குவதால் வெயில் வருவது வலப்பக்க ஜன்னல் வழியாக.

கருவி தமிழில் தடுமாறி, ஆங்கிலத்துக்கு மாற்ற நேர்ந்தால் "பனை" வெறும் "பாம் ட்ரீ" ஆகிவிடக் கூடாது, தென்னைதான் வரும். விசிறி மட்டை, கருத்த நேர் மரம் என்று வடிவத்தைச் சொல்லவும்.

படம் 3: உச்சிப்புளி தாண்டி, பெட்டி நிறைய ஆள்

> [பெட்டி, ஆட்கள்] எதிரெதிர் இருக்கைகளில் நெருங்கி அமர்ந்த பயணிகள். அப்பத்தா அவித்த பனங்கிழங்கை நாரெடுத்துப் பேத்தியிடம் நீட்டுகிறார். எதிரே காலியான அலுமினியக் கூடையை மடியில் வைத்த பெண் கண்ணயர்கிறாள். பித்தளைச் செம்பு ஏந்திய யாத்திரைக் குடும்பம். பக்கவாட்டு ஜன்னலில் தென்னந்தோப்பு பச்சைக் கோடுகளாக. சூரியன் மறையும் நேரம், கூரையில் மங்கிய மஞ்சள் விளக்கு. 28 மிமீ, இருக்கை உயரத்திலிருந்து.

ஆறு பேருக்கு மேல் கேட்டால் கை விரல்கள் குழம்பும். கிழங்கு பிடித்த கை சரியாக வரும்வரை மற்றதைப் பார்க்கவேண்டாம்.

படம் 4: மண்டபம், ரயில் நகரத் தொடங்குகிறது

> [பெட்டி, ஆட்கள்] ஜன்னல் வழியே நடைமேடை, சூரியன் மறைந்து 15 நிமிடம், நீலம் கலந்த வானம். தேநீர்த் தூக்கு ஏந்திய விற்பனையாளர் ஜன்னலோடு கூடவே நடக்கிறார். அவர் முகமும் நீட்டிய காகிதக் கோப்பையும் கூர்மை, அவருக்குப் பின்னால் கடை விளக்குகளும் தூண்களும் வெற்று மஞ்சள் பெயர்ப்பலகையும் இழுபடுகின்றன. அப்பத்தாவின் கை சில்லறையோடு கம்பிக்கு வெளியே. ஷட்டர் 1/15.

ரயிலோடு சேர்ந்து நடப்பவர் கூர்மையாகவும் நிற்பவர்கள் மங்கலாகவும் வரவேண்டும். கருவி இதைத் தலைகீழாகச் செய்யும். "கூடவே நடக்கிறார்" என்பதை முன்னுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் சரியாகும்.

படம் 5: பாம்பன் பாலம்

> [பெட்டி, ஆட்கள்] கடல்மேல் மெதுவாகப் போகும் ரயில், அந்தி நீலம். உள்ளே 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு, பேத்தி அப்பத்தாவின் மடியில் சாய்ந்து வெளியே பார்க்கிறாள், முகத்தில் பாதி மஞ்சள் பாதி நீலம். ஜன்னலுக்கு மிக அருகே பாலத்தின் இரும்புக் கைப்பிடி மட்டும் கிடைக்கோடுகளாக ஓடுகிறது. அதற்கப்பால் ஆழமற்ற கடல், சிற்றலை, நங்கூரமிட்ட நாட்டுப்படகுகள், நேரான தொடுவானம்: எல்லாம் அசைவின்றித் தெளிவு. ரயில் வேகம் 30 கிமீ, ஷட்டர் 1/30, 35 மிமீ.

பாலத்தில் கடல் மங்காது. இதை ஏற்காமல் "கடல் வேகமாக ஓடுகிறது" என்று எழுதினால் நீலச் சாயம் பூசிய துணி மாதிரி ஒன்று வரும். 30 கிமீ வேகத்தில் 2 மீட்டர் தள்ளியுள்ள கைப்பிடி, மேலே சொன்ன கணக்கில், 800 பிக்சல் இழுபடும். 500 மீட்டர் தள்ளிய படகு 3 பிக்சல். அருகில் நிற்க மரமோ வேலியோ இல்லாததால் ஓட்டத்தைச் சொல்ல அந்தக் கைப்பிடி ஒன்றுதான் இருக்கிறது. அதை விட்டால் ரயில் கடலில் நிற்கும்.

"பாம்பன்" என்ற பெயரைப் போடவில்லை, தெரிந்தேதான். பெயர் சொன்னால் 1914-ல் திறந்த பழைய பாலத்தின் இரு கைகளும் V வடிவில் மேலெழும் அமைப்பு வந்து புகுந்துகொள்ளும். இந்தத் தொடர் 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தின் காலத்தது. அங்கே 72.5 மீட்டர் நடுப்பகுதி இரண்டு கோபுரங்களுக்கு நடுவே நேராகச் செங்குத்தாக ஏறும். ஜன்னலுக்குள்ளிருந்து பார்க்கும் படத்தில் இரண்டுமே தேவையில்லை. கோபுரம் வேண்டுமென்று ஆசிரியர் கேட்டால் ஜன்னலோரம் சட்டென்று கடக்கும் இரும்புச் சட்டம் என்று ஒரு வரி சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். சாலைப் பாலம் தெரியும் பக்கத்தை எடுத்தால் அதன் விளக்கு வரிசை தொடுவானத்தை மறைக்கும். அதற்குத் தனிப் படம் வேண்டும்.

கடல் நிறத்தை "நீலம்" என்று விடாமல் ஆழமற்ற கடல் என்று சொல்லியிருக்கிறோம்: மணல்மேல் வெளிர்ப்பச்சை, கடற்புல் படுகைமேல் கருமை, அந்தியில் ஈயச்சாம்பல். ராமேசுவரம் நோக்கிப் போகையில் இடப்பக்கம் பாக் விரிகுடா, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. உள்ளூரில் முன்னதைப் பெண்கடல், பின்னதை ஆண்கடல் என்பார்கள். எந்தப் பக்கமானாலும் இந்தப் படத்துக்குச் சிற்றலை போதும், நுரைத்து எழும் அலை வேண்டாம்.

மஞ்சள் விளக்கைப் பற்றி: இப்போதைய பெட்டிகளில் எல்இடி வெள்ளைதான் எரிகிறது. ஆகவே 3000 கெல்வின் என்பது நாம் சொல்லும் சிறு பொய். வெளியே நீலம் ஆழமாக இருக்கும்போது அது பொய்யாகத் தெரியாது; நண்பகலில் தெரியும். வானம் முழுக்க இருண்டுவிட்டாலும் பயனில்லை, வெளியே வெறும் கருப்புதான் மிஞ்சும். ஜன்னலில் முகப் பிரதிபலிப்பு வந்தால் படத்தைத் தள்ளிவிடுங்கள், திறந்த ஜன்னலில் கண்ணாடி ஏது?

படம் 6 (அட்டை, 2:3): ராமேசுவரம், ரயில் நின்றது

> [ஆட்கள்] இரவு, நின்றிருக்கும் ரயில் பெட்டியை நடைமேடையிலிருந்து பார்க்கிறோம். கிடைக்கம்பி ஜன்னலுக்குள் கதகதப்பான மஞ்சள் வெளிச்சத்தில் அப்பத்தா தூங்கும் பேத்தியை எழுப்புகிறார், இருவரும் கூர்மை. ஜன்னலுக்கு முன்னால் இறங்கி நடக்கும் பயணிகள், தலையில் பெட்டி, தோளில் ஈரத் துணிப்பை, எல்லாரும் மென்மையாக இழுபட்ட நிழல்கள். மேல்பாதி இருட்டாகக் காலியிடம். முக்காலியில் கேமரா, ஷட்டர் 1/4 நொடி, 50 மிமீ.

இங்கே ரயில் நிற்கிறது, மனிதர் ஓடுகிறார்கள்: முதல் படத்தின் தலைகீழ். மேல்பாதிக் காலியிடம் இதழின் தலைப்புக்கு. நிலையப் பெயர்ப்பலகைகளில் எழுத்தை எந்தப் படத்திலும் கருவியிடம் விடவேண்டாம். புள்ளியும் கொம்பும் இடம்மாறி "ராமேசுவரம்" படிக்க முடியாத ஒன்றாகும். பலகை வெற்று மஞ்சளாக வரட்டும். கருப்பு எழுத்தைத் தமிழ் மேலே, இந்தி நடுவே, ஆங்கிலம் கீழே என்று வடிவமைப்பாளர் பின்னர் வைப்பார். படம் 4-ல் பலகை இழுபட்டிருப்பதால் எழுத்தையும் அதே திசையில், அதே நீளத்துக்கு இழுக்கவேண்டும்.